வயசுக் கோபமா, உள்ளே துக்கமா? பதின்ம வயதுப் பிள்ளைகள் பற்றித் திருகோணமலைப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மகனுக்கு 14 வயது. என்ன கேட்டாலும் எரிந்து விழுகிறான், கதவை அடித்துச் சாத்துகிறான். வயசுக் கோளாறா, மனசுக்குள் வேறு ஏதுமா?

அவன் எங்கெல்லாம் எரிந்து விழுகிறான் என்பதை முதலில் பாருங்கள். வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிற அதே பையன், பின்னேரம் டச் பே கடற்கரையில் பந்து அடிக்கும்போது கூட்டாளிகளோடு விழுந்து விழுந்து சிரிக்கிறானா? காலையில் உங்களோடு சண்டை பிடித்தவன், மத்தியானம் ஒன்றுமே நடக்காத மாதிரி வந்து "அம்மா, இண்டைக்கு என்ன கறி?" என்று சட்டியைத் திறந்து பார்க்கிறானா? அப்படியென்றால் பெரும்பாலும் வயசின் கோபம்தான். அதற்கு ஒரு காரணம் இருக்கும். போனை வாங்கி வைத்திருப்பீர்கள், டியூஷனுக்குப் போகச் சொல்லியிருப்பீர்கள், அல்லது அவனுடைய தங்கையோடு ஒப்பிட்டுக் கதைத்திருப்பீர்கள். காரணம் போனதும் கோபமும் போய்விடும். சில மணித்தியாலங்கள், மிஞ்சினால் ஒரு நாள்.

மனச்சோர்வு அப்படி இடம் பார்த்து வருவதில்லை. வீட்டில் இருப்பது போலவே பாடசாலையிலும் இருக்கும், கூட்டாளிகளோடும் இருக்கும், தனியே இருக்கும்போதும் இருக்கும். நல்லது நடந்தாலும் முகம் மலராது. மனநல வைத்தியர்கள் வைத்திருக்கும் கணக்கு இரண்டு கிழமை. அந்த இரண்டு கிழமையும் ஏறக்குறைய எல்லா நாளும், நாளின் பெரும்பகுதி நேரம், மனம் வாடியோ எரிச்சலாகவோ இருக்க வேண்டும், அல்லது பிடித்ததெல்லாம் பிடிக்காமல் போயிருக்க வேண்டும். கூடவே நித்திரை, பசி, உடம்பின் தென்பு, கவனம், தன்னைப் பற்றிய நினைப்பு என்று மற்றவற்றிலும் மாற்றம் தெரியும். ஒரு கெட்ட நாளை வைத்து முடிவெடுக்க வேண்டாம். அதே நேரம் "வயசு அப்படி, போகப் போகச் சரியாகும்" என்று மூன்று மாதம் பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டாம்.

வீட்டுக்குள்ளேயே இருந்து பார்க்கிற எங்களுக்கு இது எப்படிப் பிடிபடும்? ஒரு உதாரணம் சொல்ல முடியுமா?

உப்புவெளிப் பக்கம் ஒரு குடும்பத்தை வைத்துச் சொல்கிறேன். ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இரண்டு பிள்ளைகள். மகளுக்கு 16, மகனுக்கு 14. பெற்றோர் கவலைப்பட்டதெல்லாம் மகனைப் பற்றித்தான். அவன் சத்தம் போடுகிறான், சொல்வழி கேட்பதில்லை, முடியை ஒரு மாதிரி வெட்டிக்கொண்டு வருகிறான். மகளைப் பற்றி அவர்களுக்குப் பெருமை. "அவள் இப்ப நல்லா மாறிட்டாள். நெட்போலை விட்டிட்டாள், கூட்டாளிகளோட ஊர் சுத்துறதில்லை, எந்த நேரமும் புத்தகமும் கையும்தான்."

பிறகு நாங்கள் இரண்டு பேரையும் தனித்தனியே எடுத்துப் பார்த்தோம். மகன் சாப்பிடுகிறான், தூங்குகிறான், விளையாடுகிறான், வெள்ளிக்கிழமை கோயிலில் தன் பெடியன்களைக் கண்டதும் முகம் விரிகிறது. அப்பாவோடு மட்டும் முட்டிக்கொள்கிறான். கோபத்தைக் கொட்டிவிட்டால் அவனுக்கு அன்றைக்கு வேலை முடிந்தது.

மகள் நெட்போலை விட்டது படிப்புக்காக இல்லை. போக மனம் வரவில்லை. முன்பு மழை தூறினாலும் மைதானத்துக்கு ஓடியவள் அவள். புத்தகம் விரித்தபடிதான் இருந்தது, ஆனால் அரை மணித்தியாலம் கழித்துப் பார்த்தாலும் அதே பக்கம். மாதத் தேர்வில் புள்ளி குறைந்திருந்தது, அவள் அதைக் காட்டவில்லை. மீன் பொரியல் என்றால் முதலில் வந்து நிற்கிறவள், இப்போது சோற்றைப் பிசைந்துவிட்டு "வயிறு சரியில்லை" என்று எழும்பிப் போகிறாள். அம்மா பிறகு நினைவுபடுத்திச் சொன்ன ஒரு விஷயம்தான் எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிதாகப் பட்டது. ஒரு பின்னேரம் இவளுடைய நெருங்கிய சிநேகிதி சைக்கிளில் வந்து கேற்றடியில் மணி அடித்திருக்கிறாள். இவள் அறைக்குள் இருந்துகொண்டே "நான் நித்திரை எண்டு சொல்லுங்கோ" என்றிருக்கிறாள். அம்மாவும் அப்படியே சொல்லி அனுப்பிவிட்டார்.

இந்த வீட்டில் உதவி தேவைப்பட்ட பிள்ளை மகள்தான். சத்தம் போடுகிற பிள்ளை எல்லார் கண்ணிலும் படும். சத்தமில்லாமல் வாடுகிற பிள்ளையை நாங்கள் "நல்ல பிள்ளை" என்று சொல்லிக் கடந்துவிடுவோம், அதுவும் பெண் பிள்ளை என்றால் இன்னும் வசதி.

ஆகவே உங்கள் பிள்ளையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம், அதே பிள்ளை ஆறு மாதத்துக்கு முன் எப்படி இருந்தது என்பதோடு ஒப்பிடுங்கள். உங்களுக்குப் பிடித்ததை அது செய்கிறதா என்பதை விட, தனக்குப் பிடித்திருந்ததை இன்னும் செய்கிறதா என்பதுதான் கேள்வி. வேலை செய்யாமல் தட்டிக் கழிப்பது வயசு. தான் ஆசையாகச் செய்ததைச் சத்தமில்லாமல் கைவிடுவது கவனிக்க வேண்டிய விஷயம். பழையதை விட்டாலும் புதிதாக ஒன்றைப் பிடித்துக்கொண்டால், அதாவது கிரிக்கெட்டை விட்டு கிற்றாரை எடுத்தால், பயப்பட ஒன்றுமில்லை. விட்ட இடம் வெறுமையாகவே கிடக்கிறதா என்று பாருங்கள்.

அவன் அழுவதே இல்லை, கோபம் மட்டும்தான். துக்கம் என்றால் அழ வேண்டாமா?

வேண்டும் என்றில்லை. பெரியவர்களுக்கு மனச்சோர்வு என்றால் வாடிய முகம்தான் நினைவுக்கு வரும். பதின்ம வயதில் அது எரிச்சலாகவே வெளிப்படலாம். மனநல வைத்தியர்களின் நோய்நிர்ணய அளவுகோலிலேயே, பிள்ளைகளுக்குத் துக்கத்தின் இடத்தில் எரிச்சலையும் கணக்கில் எடுக்கலாம் என்று இருக்கிறது. ஆண் பிள்ளைகளிடம் இது இன்னும் கூடத் தெரியும், அழுதால் "பொம்பிளைப் பிள்ளை மாதிரி" என்று கேட்டு வளர்ந்தவர்கள் அல்லவா.

உடம்பின் வழியாகவும் வரும். தலையிடி, வயிற்று நோ, களைப்பு என்று திரும்பத் திரும்பச் சொல்வார்கள், சோதித்தால் ஒன்றும் இருக்காது. பொய் சொல்கிறான் என்று நினைக்க வேண்டாம், நோவு உண்மை. அதோடு அவன் கோபத்தில் விடுகிற வார்த்தைகளையும் கேளுங்கள். "உங்களுக்கு ஒண்டும் விளங்காது" என்பது உங்கள் மேல் உள்ள கோபம். "நான் ஒண்டுக்கும் உதவாதவன்", "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்பது அவன் தன்மேலேயே கொண்ட கோபம். இரண்டாவதைக் கேட்டால் அந்த இடத்திலேயே சண்டையை நிறுத்திவிடுங்கள்.

இரவு 1 மணி, 2 மணி வரை முழித்திருக்கிறாள், காலையில் எழுப்பவே முடியவில்லை. இதுவும் மனச்சோர்வின் அடையாளமா?

தனியே அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பருவம் எய்தும் வயதில் உடம்புக் கடிகாரமே பின்னால் தள்ளிப் போகிறது. நித்திரையைக் கொண்டுவரும் மெலடோனின் என்ற சுரப்பு பெரியவர்களை விடப் பிந்தித்தான் ஏறும். இந்த வயசுக்கு 8 முதல் 10 மணித்தியாலம் நித்திரை தேவை. காலை 7.30 மணிக்குப் பாடசாலை, பின்னேரம் டியூஷன், பிறகு போன் என்றால் அது எப்படிக் கிடைக்கும்? பாதி எரிச்சல் நித்திரைக் கடன்தான்.

விடுமுறை நாட்களில் அவளை எழுப்பாமல் விட்டுப் பாருங்கள். 9, 10 மணிக்குத் தானே எழும்பி, முகம் கழுவி, தெளிவாகத் திரிந்தால் அது நித்திரைக் குறை. 12 மணித்தியாலம் படுத்தும் களைப்பாகவே எழும்பினால், அல்லது விடியப்புறம் 3, 4 மணிக்கே முழித்து மறுபடி தூங்க முடியாமல் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தால், அதை மற்ற மாற்றங்களோடு சேர்த்து யோசிக்க வேண்டும்.

நாங்கள் சண்டைக்குள்ளும் இடம்பெயர்வுக்குள்ளும் சுனாமிக்குள்ளும் வளர்ந்தோம். எல்லாம் கிடைக்கிற இந்தப் பிள்ளைகளுக்கு என்ன துக்கம்?

இதைக் கேட்கிற பெற்றோர் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. குப்பி விளக்கில் படித்தவர்களுக்கும், 2004 மார்கழியில் கடற்கரையில் ஆட்களைத் தேடித் திரிந்தவர்களுக்கும், சிநேகிதி கதைக்கவில்லை என்று ஒரு பிள்ளை சாப்பிடாமல் கிடப்பது அற்பமாகத்தான் தெரியும்.

ஆனால் மனச்சோர்வு நியாயம் பார்த்து வருவதில்லை. பரம்பரை, உடம்பு, நித்திரை, பாடசாலையில் நடக்கிற கேலி, வீட்டுச் சண்டை, பரீட்சைப் பயம் என்று பலதும் சேர்ந்து வருவது. சிலருக்குச் சொல்லக்கூடிய காரணம் எதுவுமே இருக்காது. உங்கள் கஷ்டத்தைச் சொல்லி ஒப்பிடும்போது பிள்ளைக்கு ஒரே ஒரு செய்திதான் போய்ச் சேருகிறது: "எனக்குத் துக்கப்பட உரிமை இல்லை." அதற்குப் பிறகு அது உங்களிடம் வாய் திறக்காது.

இன்னொன்றும் உண்டு. அந்தக் காலத்தை நாங்கள் எல்லாரும் ஒரு காயமும் இல்லாமல் தாண்டி வந்துவிடவில்லை. இன்றைக்கும் பட்டாசுச் சத்தத்துக்குத் திடுக்கிடும் அப்பாமார் இந்த ஊரில் இருக்கிறார்கள். உங்கள் கதையைச் சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். "நாங்க தாங்கினம், நீ ஏன் தாங்கமாட்டாய்" என்று சொல்லாமல், "அந்த நேரம் எனக்கும் ஒருத்தரோடயும் கதைக்கப் பிடிக்காமல் இருந்தது" என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்து கேட்கும்.

கதையை எப்படித் தொடங்குவது? "என்ன பிரச்சினை" என்று கேட்டால் "ஒண்டுமில்லை" என்கிறாள், அதோடு முடிந்துவிடுகிறது.

"என்ன பிரச்சினை" என்பது பதில் சொல்லக் கஷ்டமான கேள்வி. அவளுக்கே அது தெரியாமல் இருக்கலாம். அதோடு எதிரே கூப்பிட்டு இருத்தி, கண்ணைப் பார்த்துக் கேட்டால் அது விசாரணை மாதிரி. பக்கத்தில் பக்கத்தில் இருந்து, கைகளுக்கு ஏதாவது வேலை இருக்கும்போது கதைப்பது சுலபம். மோட்டார் சைக்கிளில் டியூஷனுக்கு ஏற்றிப் போகும் நேரம், உடுப்புக் காயப்போடும் நேரம், உவர்மலைப் பக்கம் ஒரு சின்ன நடை. முகம் பார்க்கத் தேவையில்லாத இடத்தில் வாய் திறக்கும். தம்பி தங்கச்சி, அப்பம்மா யாரும் காதுபடும் தூரத்தில் இருக்கக்கூடாது. பசியோடு வந்த நேரமும், சண்டை முடிந்த கையோடும், பரீட்சைக்கு முதல் நாளும் வேண்டாம்.

முதல் வசனத்தில் கேள்வி வேண்டாம், நீங்கள் கண்ணால் கண்ட ஒன்றை மட்டும் சொல்லுங்கள். "நீ சரியில்லை", "நீ மாறிட்டாய்" என்பவை தீர்ப்பு. "நீ நெட்போலுக்குப் போய் மூண்டு கிழமை" என்பது கண்டது. அதற்கு அடுத்தது, அதனால் உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்பது. பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்பில்தான் பெரும்பாலான பெற்றோர் தோற்கிறார்கள். அமைதி தாங்காமல் புத்திமதி சொல்லத் தொடங்கிவிடுவார்கள். மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள், நீளமாகத்தான் இருக்கும்.

மேலே சொன்ன அந்த வீட்டில் அம்மா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது கதை தொடங்கியது. மகள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"நெட்போலுக்குப் போய் மூண்டு கிழமை ஆச்சு என்ன. முந்தி மழைக்குள்ளயும் போவாய்."

"படிக்கோணும் அம்மா."

"ம்."

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அம்மா மீனைக் கழுவினார்.

"சாப்பாடும் குறைவு. எனக்கு யோசனையாக் கிடக்கு பிள்ளை."

"ஒண்டுமில்லை அம்மா. சும்மா."

"சரி. இப்ப சொல்லத் தேவையில்லை. எப்ப சொல்ல நினைச்சாலும் சொல்லு. நான் கோவிக்கமாட்டன், அப்பாட்டயும் உன்னைக் கேக்காமல் சொல்லமாட்டன்."

அவ்வளவுதான். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றுமே நடக்கவில்லை. ஆனால் கதவு திறந்திருக்கிறது என்று மகளுக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த சில நாட்களும் அம்மா அந்தப் பேச்சை எடுக்கவில்லை, சும்மா தேத்தண்ணி கொண்டுபோய் வைத்துவிட்டு ஐந்து நிமிடம் பக்கத்தில் இருந்துவிட்டு வந்தார். பிறகு ஒரு இரவு லைற் நிறுத்தின பிறகு மகளே வந்து அம்மாவின் பக்கத்தில் படுத்துக்கொண்டு சொன்னாள்: "எனக்கு ஒண்டும் பிடிக்கேல்லை அம்மா. ஏன் எண்டு தெரியேல்லை."

இந்த இடத்தில் வாய்க்கு வருகிற வசனங்கள் எல்லாருக்கும் ஒன்றுதான். "உனக்கு என்ன குறை வச்சனாங்கள்?" "எல்லாம் போன் பாக்கிறதால." "கோயிலுக்குப் போ, சரியாகும்." மூன்றும் கதவைச் சாத்துபவை. அம்மா கேட்டது: "எப்ப இருந்து அப்பிடி இருக்கு?" அதற்குப் பதில் இருந்தது. புதிய வகுப்பு தொடங்கிய பிறகு, பழைய கூட்டாளிகள் வேறு பிரிவுக்குப் போன பிறகு. "இரவில கூடுதலா, பகலில கூடுதலா?" அதற்கும் பதில் இருந்தது. இப்படி எப்போது, எங்கே, எவ்வளவு என்று கேட்டால் பிள்ளை சொல்லிக்கொண்டே போகும். "ஏன்" என்று கேட்டால் குற்றம் சாட்டுவது போல இருக்கும்.

தீர்வு சொல்ல அவசரப்பட வேண்டாம். "இவ்வளவு நாளும் தனியா வச்சுக்கொண்டிருந்தனியா" என்ற ஒரு வசனம் அன்றைக்குப் போதும். மிச்சத்தை நாளைக்கு, "நாங்கள் ரெண்டு பேருமாய் ஒரு டொக்டரிட்ட கேட்டுப் பாப்பமா?" என்று தொடரலாம்.

அப்பா கட்டாரில் வேலை. அவர் வட்சப்பில் கதைத்தால் சரிவருமா?

சரிவரும், ஆனால் வீடியோ கோல் எடுத்து எல்லார் முன்னாலும் "ஏன் அம்மா சொல்றதைக் கேக்கிறேல்லை" என்று தொடங்கினால் சரிவராது. அவன் தனியே இருக்கும் நேரத்துக்கு எடுக்கச் சொல்லுங்கள். குரல் செய்தி இன்னும் நல்லது, பிள்ளை தன் நேரத்துக்குக் கேட்டுத் தன் நேரத்துக்குப் பதில் அனுப்பலாம். வீட்டில் அம்மாவோடும் அப்பாவோடும் ஒட்டாவிட்டால் ஒரு மாமாவோ சித்தியோ கதைக்கலாம். கிண்ணியாவில் ஒரு வீட்டில் உம்மாவிடம் சொல்லாததையெல்லாம் பையன் சாச்சாவிடம் சொன்னான். யாரிடம் சொன்னாலும் சொன்னால் சரி, இதில் பெற்றோர் ரோசப்படக்கூடாது.

நல்லாயிருந்தவள் ஒரே கிழமையில் ஆளே மாறிவிட்டாள். இது எதைக் காட்டுகிறது?

மனச்சோர்வு பெரும்பாலும் மெல்ல மெல்லத்தான் படியும். சடுதியான மாற்றம் என்றால் ஏதோ நடந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வது நல்லது. காதல் முறிந்திருக்கலாம், படத்தை வைத்து யாரோ மிரட்டலாம், பாடசாலையிலோ வகுப்பிலோ உறவுக்குள்ளோ யாரோ தவறாக நடந்திருக்கலாம். ஒருவரைக் கண்டால் ஒதுங்குகிறாளா, ஒரு இடத்துக்குப் போக மட்டும் மறுக்கிறாளா என்று பாருங்கள். "என்ன நடந்திருந்தாலும் அது உன்ர பிழை இல்லை, நான் உன்ர பக்கம்" என்பதை அவள் சொல்வதற்கு முன்பே நீங்கள் சொல்லிவிட வேண்டும். துஷ்பிரயோகம் என்று சந்தேகம் வந்தால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். சம்பந்தப்பட்ட ஆளை நீங்களே போய்க் கேட்டுச் சண்டை பிடிப்பது பிள்ளையை இன்னும் பயப்படுத்தும்.

ரகசியமாகப் போனைத் திறந்து பார்ப்பது பற்றியும் கேட்கிறார்கள். உயிருக்கு ஆபத்து என்று பயம் இருந்தால் பாருங்கள், பார்த்ததை மறைக்காமல் சொல்லுங்கள். வெறும் சந்தேகத்துக்கு என்றால் வேண்டாம். பிடிபட்டால் இருக்கிற கொஞ்ச நம்பிக்கையும் போய்விடும்.

கோபத்தில் "செத்துப் போறன்" என்றாள். சும்மா சொல்கிறாளா? அதைப் பற்றிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாங்களே உண்டாக்கியது போல் ஆகாதா?

ஆகாது. நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு, யாரோ கேட்டுவிட்டார்கள் என்ற ஆறுதல்தான் வருகிறது. சும்மா சொன்னாளா இல்லையா என்பதை நீங்கள் ஊகிக்க வேண்டாம், அவளிடமே கேளுங்கள். கோபம் அடங்கிய பிறகு, மெதுவாக: "அண்டைக்குச் சாகிறன் எண்டு சொன்னாய். உண்மையா அப்பிடி யோசனை வாறதா?" வருகிறது என்றால் அடுத்த கேள்வி: "எப்பிடிச் செய்யிறது எண்டும் யோசிச்சனியா?" குரல் நடுங்கினாலும் பரவாயில்லை. திட்ட வேண்டாம், அழுது சத்தியம் வாங்கவும் வேண்டாம்.

எப்படி என்று யோசித்திருந்தாலோ, முன்பு ஒருமுறை தன்னைக் காயப்படுத்தியிருந்தாலோ, பிடித்த பொருட்களை மற்றவர்களுக்குக் கொடுத்து விடைபெறுவது போலக் கதைத்தாலோ அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். அதுவரை தனியே விடக்கூடாது, இரவிலும் யாராவது கூடப் படுக்க வேண்டும். திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவு எந்த நேரமும் திறந்திருக்கும். வாகனம் இல்லாவிட்டால் 1990 அம்புலன்ஸ் இலவசம். என்ன செய்வது என்று தெரியாமல் நின்றால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எடுங்கள், தமிழிலும் கதைக்கலாம்.

அன்றைக்கே செய்ய வேண்டிய இன்னொரு வேலை, வீட்டில் இருக்கும் பூச்சி மருந்து, களைநாசினி, மாத்திரைகள் எல்லாவற்றையும் அகற்றுவது. தம்பலகாமம், மூதூர், கந்தளாய்ப் பக்கம் வயல் செய்கிற வீடுகளில் போத்தல் குசினிக் கோடியிலேயே கிடக்கும். பூட்டி வைத்துத் திறப்பை ஒளிப்பதை விட, வீட்டை விட்டே வெளியே, நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வைப்பது நல்லது. இந்த எண்ணம் பலருக்கு அலை மாதிரி எழுந்து கொஞ்ச நேரத்தில் தணிகிற ஒன்று. அந்த நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் எதுவும் இல்லாவிட்டால் ஆள் தப்பிவிடும். இலங்கையில் 1990களின் நடுப்பகுதிக்குப் பிறகு தற்கொலைகள் பெருமளவு குறைந்ததற்குக் கடும் நஞ்சுள்ள பூச்சிகொல்லிகளைத் தடை செய்ததும் ஒரு முக்கிய காரணம். நாட்டுக்குப் பலித்தது வீட்டுக்கும் பலிக்கும்.

யாரிடம் கொண்டுபோவது? மனநல கிளினிக் வாசலில் யாராவது கண்டால் நாளைக்குக் கலியாணம் பேசும்போது கதை வருமே.

அந்தப் பயம் நியாயமானதுதான், சின்ன ஊர். முதலில் நீங்கள் வழமையாகப் போகும் குடும்ப வைத்தியரிடம் போகலாம். அங்கே யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள், அதோடு அது சரியான ஒழுங்கும் கூட. இரத்தச்சோகை, தைரொயிட் குறைபாடு போன்றவையும் களைப்பையும் வாட்டத்தையும் கொண்டுவரும், ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். பெரிய பாடசாலைகளில் வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியர் இருப்பார். ஆனால் பிள்ளைக்கு அவரிடம் விருப்பமா என்று கேட்டுவிட்டுப் போங்கள், தன் ஆசிரியரிடமே சொல்லச் சில பிள்ளைகளுக்குக் கூச்சம்.

மனநலப் பிரிவுக்குப் போக வேண்டி வந்தால், கிளினிக் நாளை ஓ.பி.டியில் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். போகும்போது நீங்கள் கவனித்ததை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்: எப்போது தொடங்கியது, நித்திரை எப்படி, சாப்பாடு எப்படி, எதை விட்டுவிட்டாள், குடும்பத்தில் வேறு யாருக்கும் இப்படி இருந்ததா. கிளினிக்கில் சனம் கூட, நேரம் குறைவு, அந்தத் தாள் பாதி வேலையை முடித்துவிடும். வைத்தியர் பிள்ளையோடு தனியே கதைக்கக் கேட்பார். வெளியே போய் இருங்கள், பிறகு வரும் வழியில் "என்ன கேட்டவர், என்ன சொன்னாய்" என்று துருவ வேண்டாம்.

நேர்த்தி வைப்பது, நூல் கட்டுவது, ஓதிப் பார்ப்பது பற்றியும் கேட்பார்கள். பிள்ளைக்கு அதில் ஆறுதல் இருந்தால் செய்யுங்கள், ஆனால் கிளினிக்குக்குப் போவதைப் பிற்போட அது சாட்டாக இருக்கக்கூடாது. பேய் பிடித்திருக்கிறது என்று அடிக்கிற, பட்டினி போடுகிற இடங்களுக்கு மட்டும் கொண்டுபோகவே வேண்டாம்.

மருந்து தொடங்கினால் வாழ்நாள் முழுக்கக் குடிக்க வேண்டி வருமா? பழகிப்போகாதா?

எல்லாப் பிள்ளைக்கும் மருந்து தொடங்குவதில்லை. இலேசான மனச்சோர்வுக்குக் கதைத்துச் செய்யும் சிகிச்சை, நித்திரையை ஒழுங்காக்குவது, விட்ட விளையாட்டை வாரத்துக்கு ஒரு நாளாவது மறுபடி தொடங்குவது என்றுதான் ஆரம்பிப்பார்கள். நடுத்தரமோ கடுமையோ என்றால் மருந்தும் சேரும், இந்த வயசுக்குக் கூடுதலாக ஆராயப்பட்டது ஃபுளுவொக்செற்றின். அது தலையிடிக் குளிசை மாதிரி அன்றைக்கே வேலை செய்யாது, நான்கு முதல் ஆறு கிழமை எடுக்கும். போதைக்கு அடிமையாவது போலப் பழகிப்போவதும் இல்லை.

தொடங்கிய முதல் சில கிழமைகளில்தான் கூடுதல் கவனம் வேண்டும். சிலருக்கு அந்த நேரம் பதற்றமோ, தன்னைக் காயப்படுத்தும் எண்ணமோ கூடலாம், கண்டால் உடனே வைத்தியருக்குச் சொல்லுங்கள். குளிசையை நீங்களே வைத்திருந்து ஒவ்வொரு நாளும் எடுத்துக் கொடுங்கள். இன்னொரு சிக்கல் இரண்டாம் மாதத்தில் வரும்: பிள்ளை சிரிக்கத் தொடங்கியதும் வீட்டில் "இனி என்னத்துக்கு" என்று நிறுத்திவிடுவார்கள். சுகமான பிறகும் வழமையாக ஆறு மாதமாவது தொடர வேண்டும், நிறுத்தும்போது வைத்தியர் சொல்வது போல மெல்ல மெல்லக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். கிளினிக் கொப்பியில் அடுத்த திகதி எழுதியிருக்கும், பரீட்சைக் காலம் என்றாலும் அதைத் தவறவிட வேண்டாம்.